இரண்டு தரம் வந்த கரண்டு பில்

பம்பாய் மாட்டுங்காவில் மின்சாரக் கம்பெனியின் பில்லிங் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்த நெல்லையப்பனுக்குத் தன் தமிழைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. வாடிக்கையாளர்களுக்குப் போகிற எந்த அறிவிப்பானாலும் மானேஜர் இங்கிலீஷில் எழுதுவார், மராத்திக்கும் ஹிந்திக்கும் ஆட்கள் இருந்தார்கள், தமிழுக்கு நெல்லையப்பன்தான். அவர் எழுதினால் தாராவியில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரியும் என்று ஆபீஸில் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை அவரும் செம்பூர் வாடகை வீட்டில் தன் மனைவியிடம் அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

அறுபத்தாறாம் வருஷம் செப்டம்பரில் அவர் எழுதின அறிவிப்பு இப்படி இருந்தது:

'அன்பார்ந்த வாடிக்கையாளருக்கு, ஜூலை மாத உபயோகத்துக்காக ஆகஸ்டில் உங்களுக்கு அனுப்பிய பில்லில் ஒரே தொகை இரண்டு தரம் சேர்ந்துவிட்டது. கட்டணம் உயரவில்லை. மீட்டரிலும் கோளாறு இல்லை. மழை ஈரத்தில் வளைந்துபோன கணக்கு அட்டைகளுக்குப் பதிலாகப் புது அட்டைகள் தயாரித்தபோது, பழைய அட்டைகளும் தவறுதலாக மெஷினுக்குள் போனதே காரணம். நீங்கள் அதிகமாகக் கட்டிய தொகை அக்டோபர் பில்லில் கழிக்கப்படும். மீதம் இருந்தால் அடுத்தடுத்த பில்களில் கழிக்கப்படும். தவறுக்கு வருந்துகிறோம்.'

எழுதின ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். அந்த ஆபீஸில் ஒவ்வொரு மீட்டருக்கும் மாதம் ஓர் அட்டை. ரீடிங்கை அதில் ஓட்டைகளாகப் போட்டு, கட்டுக்கட்டாக மெஷினில் விடுவார்கள். ஒரே நம்பரில் எத்தனை அட்டை வந்தாலும் மெஷின் அத்தனையையும் கூட்டி ஒரே பில்லாக அடித்துத் தள்ளிவிடும். பம்பாய் மழையில் அந்த அட்டைகள் அப்பளம் மாதிரி நமத்து வளைந்து மெஷினின் வாயில் சிக்கிக்கொள்ளும். அதற்காகவே உள்ளே பல்பு எரிகிற ஒரு மரப்பெட்டி செய்து வைத்திருந்தார்கள். ஈர அட்டைகளைப் பகல் ஷிப்ட் அதில் அடுக்கும். காய்ந்ததும் சாயங்கால ஷிப்ட் எடுத்துக் கட்டில் சேர்க்கும். வருஷக்கணக்காக நடந்து வந்த ஏற்பாடு.

அந்த மாதம் தாராவிக் கட்டுக்கு அவசரம். காயும்வரை காத்திருக்காமல் பகல் ஷிப்ட் புது அட்டைகளை அடித்துச் சேர்த்துவிட்டது. பழையதைக் கிழித்துப் போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் வந்தவர்கள் வழக்கம்போல் பெட்டியைத் திறந்து, காய்ந்த அட்டைகளைத் தட்டி நேராக்கிச் சேர்த்தார்கள். கட்டைப் பிரித்தபோது அட்டை எண்ணிக்கை எழுதின சீட்டு எங்கோ போய்விட்டதால் எண்ணிப் பார்க்கவும் இல்லை. அறுநூறு சொச்சம் பேருக்குப் பில் இரட்டிப்பானது. அதைவிட அதிர்ச்சி, அந்த அறுநூறு பேரில் சண்டைக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஜூன் மாதம் சர்க்கார் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததிலிருந்து அரிசி, எண்ணெய், சோப்பு என்று எல்லாமே ஏறிக்கொண்டிருந்தது. கரண்டும் ஏறிவிட்டது என்று மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கட்டிவிட்டார்கள்.

அறிவிப்பு தபாலில் போன மூன்றாம் நாள் பேராச்சி வந்தாள். தாராவியில் மாவு மில் வைத்திருந்தவள். புருஷன் சுயம்பு கப்பலில் கூலி வேலை. மில்லு முழுக்க அவள் பொறுப்பு. அறிவிப்பை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"அண்ணாச்சி, பக்கத்து வீட்டுப் புள்ள இதைப் படிச்சுக் காட்டுச்சு. ரேட்டு ஏறலைன்னு போட்டிருக்காமே. நெசமா?"

"நிஜம்தாம்மா. உங்களுக்கு எழுபது ரூபாய் கூடுதலா வந்திருக்கு. அடுத்த பில்லிலே கழிஞ்சிரும். கவலைப்படாதீங்க."

"அடுத்த பில்லு எவ்வளவு வரும்?"

"நீங்க ஓட்டுறதைப் பொறுத்து."

"நான் எங்க ஓட்டுதேன்? மோட்டாரத்தான் வித்துட்டேன்லா!"

நெல்லையப்பன் பேனாவைக் கீழே வைத்தார்.

"எதுக்கு வித்தீங்க?"

"நூத்தி நாப்பது ரூவா கரண்டுக்கே போனா மாவரைச்சு என்னத்தைக் கண்டேன்? கிலோவுக்கு ஒரு அணா கூடக் கேட்டா சனம் வேற மில்லுக்குப் போயிரும். இந்த ரேட்டுல தொழில் நடத்த முடியாதுன்னு வித்து, அந்தக் காசுலதான் ஒங்க பில்லையும் கட்டுனேன். ஆகஸ்டு மாசம் இதே சன்னலுக்கு வந்து ஒங்ககிட்ட கேட்டேன். நீங்கதான், ரேட்டு ஏறியிருக்கும், மொதல்ல கட்டுங்க, பொறவு எழுதிப் போடுங்கன்னு சொன்னீய."

அவருக்கு முகம் ஞாபகம் இல்லை. ஆனால் வாக்கியம் அவருடையதுதான். ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்கிற வாக்கியம். மோட்டார் இல்லாத மில்லுக்கு இனி மாதம் ஆறு ரூபாய் மினிமம்தான் பில் வரும். எழுபது ரூபாய் அதில் கழிந்து தீர ஒரு வருஷம் ஆகும். ஆறு ஆறாகச் சொட்டுகிற பணத்தில் எவளும் மோட்டார் வாங்க முடியாது. 'அடுத்தடுத்த பில்களில்' என்று அழகாக எழுதியது இதைத்தான்.

"மோட்டார் யார்கிட்ட இருக்கு?"

"இனாயத்துல்லா பாய் கடையில. எடத்துக்காரன் மில்லைக் காலி பண்ணச் சொல்லுதான். மோட்டாரு திரும்பி வந்து கல்லு சுத்துனா இருக்கலாம், இல்லைன்னா எண்ணெய்க் கடைக்காரனுக்குக் குடுத்துருவேன்னு சொல்லி, நாளை வரைக்கும் தவணை குடுத்திருக்கான்."

நெல்லையப்பன் நேராக மானேஜர் அறைக்குப் போனார். அந்தப் பெண்ணின் பணத்தைக் கையில் கொடுத்துவிட அனுமதி கேட்டார். மானேஜர் கெட்ட மனுஷர் இல்லை. சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"ஒருத்திக்குக் கொடுத்தா அறுநூறு பேரும் க்யூவில நிப்பாங்க, நெல்லையப்பன். மெஷின் கணக்குல அந்தத் தொகை வரவா ஏறிடுச்சு. கையில கொடுக்கணும்னா ஹெட் ஆபீஸ் உத்தரவு வரணும். நீங்க எழுதின நோட்டீஸிலேயே தெளிவா இருக்கே, பில்லில் கழிக்கப்படும்னு."

"அதை எழுதும்போது மினிமம் பில் மட்டும் வர்றவங்களை நான் நினைக்கலை சார்."

"நானும் நினைக்கலை. எழுதிக் கொடுங்க, அனுப்பி வைக்கிறேன். ஒரு மாசம் ஆகும்."

நெல்லையப்பன் எழுதிக் கொடுத்தார். பிறகு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பேராச்சியுடன் கிளம்பினார். மோட்டாரை ஒரு மாதம் விற்காமல் வைத்திருக்கும்படி கேட்டால் போதும், மோட்டாரைக் காட்டி இடத்துக்காரனையும் சமாதானம் பண்ணிவிடலாம் என்று அவர் கணக்கு. வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

இனாயத்துல்லா கடையநல்லூர்க்காரர். பழைய மோட்டார் வாங்குவதும், கருகிப்போன மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றிக் கொடுப்பதும் அவர் தொழில். ஆள் வந்ததைக் கண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"என்ன தாயி, மோட்டாரு ஞாபகமா?"

"பாய், ஒரு மாசம் அதை விக்காம வச்சிருங்க. இவுக கம்பெனிக்காரவுக. பில்லு தப்பா வந்திருச்சாம். பணம் திருப்பித் தாராக."

இனாயத்துல்லா எழுந்து மூலையில் கிடந்த சாக்கை விலக்கினார். அடியில் பச்சைப் பெயிண்ட் அடித்த மோட்டாரின் இரும்புக் கூடு கிடந்தது. மூடி கழற்றியிருந்தது. உள்ளே சுற்றியிருந்த செம்புக் கம்பி இல்லை. கம்பி இருந்த பள்ளங்கள் மட்டும் கறுப்பாகக் கரி படிந்து வரிசையாக இருந்தன.

"செம்புக்கு இப்ப இருக்குற கிராக்கி ஒனக்குத் தெரியுமில்ல. எரிச்சு உருவி எடைக்குப் போட்டுட்டேன். போன வாரமே."

பேராச்சி அந்தக் கூட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். கண்ணால் பார்த்தது போதவில்லை போலிருக்கிறது. விரல்கள் கரியாக வெளியே வந்தன. அதைச் சேலையில் துடைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஓடிக்கிட்டு இருந்த மோட்டாரு அண்ணாச்சி" என்றாள். "ஒரு குத்தமும் இல்லாத மோட்டாரு."

நெல்லையப்பன் குனிந்து கூட்டைப் பார்த்தார். ஆபீஸில் இந்தப் பிழை வெறும் அட்டை. அதிகமாகப் போனது ஓர் அட்டை, அதைத் திரும்ப எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் அத்தனை பேரும், அவரையும் சேர்த்து, நம்பிக்கொண்டிருந்தார்கள். இங்கே எரித்து உருவின ஒரு கூடு கிடக்கிறது. இதை எந்தப் பில்லில் கழிப்பது? அவருக்கு ஆத்திரமாக வந்தது. மானேஜர்மேல் இல்லை, மெஷின்மேல் இல்லை, தன் மேலேயே வந்தது.

"பாய், இதுக்குத் திரும்பக் கம்பி சுத்த முடியுமா?"

"ஏன் முடியாது? கூடு கிண்ணுனு இருக்கு. ராத்திரி பகலா ஆளைப் போட்டா நாளைச் சாயங்காலம் ஓடும். கூட்டுக்கு நான் காசு கேக்கலை. கம்பிக்கும் கூலிக்கும் நூத்தைம்பது ஆகும். அதை யாரு தருவா? இந்த அம்மா கையில இருந்தா மோட்டாரை வித்திருக்காது."

"கம்பெனி தரும்" என்றார் நெல்லையப்பன்.

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. எழுபது ரூபாயைக் கையில் கொடுக்க ஹெட் ஆபீஸ் உத்தரவு வேண்டிய இடத்தில், நூற்றைம்பதுக்கு ஹெட் கிளார்க் வாக்குக் கொடுக்கிறார்.

"வாய்ச்சொல்லு போதாது, தம்பி. நானும் ஒங்க வாடிக்கைதான், எனக்கும் ரெட்டைப் பில்லுதான் வந்துச்சு. எழுதிக் குடுங்க."

பேராச்சி நிமிர்ந்தாள். "அண்ணாச்சி, ஒங்க வேலைக்கு ஒண்ணும் வந்துராதா?"

"வரும்."

"பொறவு?"

"பிறகு பார்த்துக்கலாம்."

இனாயத்துல்லா தன் கடையின் பில் தாள் ஒன்றைக் கொடுத்தார். நெல்லையப்பன் ஸ்டூலில் வைத்து எழுதினார். எத்தனையோ அறிவிப்பு எழுதியவருக்கு முதல் வரி வரவில்லை. 'நிர்வாகத்தின் சார்பாக' என்று ஆரம்பித்து அடித்தார். 'தவறுதலாக' என்று ஆரம்பித்து அதையும் அடித்தார். கடைசியில் இரண்டே வரி எழுதி, தன் பெயரையும் உத்தியோகத்தையும் போட்டுக் கையெழுத்திட்டார். கம்பெனி கொடுக்காவிட்டால் தன் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்று கீழே ஒரு வரி சேர்த்தார். செம்பூரில் வாடகைக்கு என்ன பதில் சொல்வது என்று அப்போது அவர் யோசிக்கவில்லை.

இனாயத்துல்லா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, உள்ளே ஆளைக் கூப்பிட்டுக் கூட்டைத் தூக்கச் சொன்னார். பேராச்சி தரையிலிருந்து எழுந்தாள்.

"என்ன எழுதியிருக்கீய? எனக்கும் வாசிச்சுக் காட்டுங்க."

"பிழை எங்களுடையது. இந்த அம்மாவின் மோட்டாரைப் பழையபடி ஓட வைப்பது எங்கள் பொறுப்பு."

அவள் கையில் மடித்து வைத்திருந்த அறிவிப்பை அவரிடம் நீட்டினாள்.

"இம்புட்டுத்தானா? இதை மொதல்லயே எழுதி அனுப்பியிருக்கலாம்லா, அண்ணாச்சி."