கதவோரத்துக் கையெழுத்து

கூட்ட அறையின் கதவைத் தாண்டுவதற்குள் மெக்கானிக்கைப் பொது மேலாளர் மடக்கிவிட்டார். ஒரு கையில் படிவம், மறு கையில் மூடி திறந்த பேனா.

"லிஃப்ட் நல்லா இருக்குன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க மெக்கானிக். கம்பெனித் தலைவர் பத்து நிமிஷத்துல வந்துருவாரு. ஏழாவது மாடியில ஐம்பது விருந்தாளி."

மெக்கானிக் காலையில்தான் லிஃப்டின் இரும்புக் கயிற்றைப் பார்த்திருந்தான். ஒரே இடத்தில் இழைகள் அறுந்து, முள்ளம்பன்றி போலச் சிலிர்த்து நின்றன. உடனே மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டான். சாவி சட்டைப் பையில்.

அவன் மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். நேரம் கேட்டு வருபவர்களிடம் நாள் முழுக்க மறுப்பதே அவள் பிழைப்பு. "ஏங்க, காரணம் சொல்லாதீங்க. நீங்க ஒரு காரணம் சொன்னா அவங்க ஒரு வழி சொல்வாங்க. முடியாதுன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு நில்லுங்க" என்பாள். வீட்டில் கேட்க எளிதாகத்தான் இருந்தது.

"கண்ணாடி கொண்டு வரல சார்" என்றான்.

மேலாளர் தன் கண்ணாடியைக் கழற்றி அவன் மூக்கில் மாட்டிவிட்டார். உலகமே ஒரு சுற்றுச் சுற்றியது.

"கையில கிரீஸு சார்."

கைக்குட்டை வந்தது. ஓரத்தில் பூவேலை.

"யோசிச்சு சொல்றேன் சார்."

"யோசிங்க. நிக்கிறேன்."

எதிர்ச் சுவரில் 'பாதுகாப்பே நம் முதல் மூச்சு' என்ற பலகை. திறந்துவைத்தவர் மேலாளர்தான். பேனா விரலைத் தொட்டது. வேலை போனால் அடுத்த மாதம் என்ன செய்வது? போட்டுவிட்டால் அந்தப் பெட்டிக்குள் எத்தனை பேர் ஏறுவார்கள்? அவன் கண்ணாடியைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தான்.

"முடியாது சார்."

"ஏன்?"

நாக்கில் நான்கு காரணங்கள் முட்டி மோதின. பல்லைக் கடித்துக்கொண்டான்.

"வாயால சொன்னா கூடப் போதும்யா."

"அதுவும் முடியாது சார். வேணும்னா நீங்க போடுங்க."

மேலாளர் படிவத்தைப் பார்த்தார். தன் பெயர் அந்தக் கோட்டின்மேல் எப்படி இருக்கும் என்று பார்த்தார். பேனாவை மூடினார்.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம். தலைவர் நேராக லிஃப்ட் பொத்தானை நோக்கிப் போனார். மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டான். யார் நிறுத்தியது என்று கேட்டால் மேலாளர் விரல் எந்தப் பக்கம் நீளும்?

"ஐயா, இன்னைக்குப் படியிலதான் போகணும்" என்றார் மேலாளர். "கயிறு சரியில்ல. ராத்திரி பூராத் தூக்கமே வரல எனக்கு. காலையில நானே நிறுத்தச் சொல்லிட்டேன்."

"உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும்யா" என்று தலைவர் அவர் தோளைத் தட்டிவிட்டுப் படியேறத் தொடங்கினார். மேலாளரும் பின்னாலேயே ஏறினார்.

மெக்கானிக் பையிலிருந்த சாவியை அழுத்திப் பிடித்தபடி சுவரில் சாய்ந்தான். தலைவரின் மூச்சிரைப்பு இரண்டாம் மாடிவரை கேட்டது. அதற்கு மேல் மேலாளரின் பேச்சு மட்டுமே கேட்டது.