நாக்கு நுனி எங்கேயும் படக்கூடாது

நாற்பது வயசுப் பொம்பளையை உட்கார வெச்சு, "மேடம், கண்ணாடியில வாயைத் திறந்து பாருங்க, நாக்கு எங்க நிக்குது?"ன்னு கேட்டா எப்படி இருக்கும்? எழுந்து செம்பாக்கத்துல இருக்கிற வீட்டுக்கு பஸ் ஏறிடலாம் போல இருந்தது எனக்கு. ஏறலை. ஏறியிருந்தா அன்னிக்கே வேலை போயிருக்கும்.

எங்க ஆபீஸ் தாம்பரம் பக்கம். அமெரிக்காவுல வீடு வீடா மாத்திரை அனுப்புற ஒரு கம்பெனி. அதோட கஸ்டமருக்கு இங்கேருந்து நாங்க பதில் சொல்வோம். ஒன்பது வருஷமா நான் சாட்ல இருந்தேன். எல்லாம் டைப் அடிச்சுத்தான். வாயே திறக்க வேண்டாம். என் டைப்பிங்கைப் பார்த்து எத்தனையோ வெள்ளைக்காரக் கிழவி "நீ ரொம்ப நல்ல பொண்ணு"ன்னு எழுதியிருக்கா. அப்புறம் ஒருநாள் மேனேஜர் ஜெரோம் கூப்பிட்டு, சாட் எல்லாம் இனிமே கம்ப்யூட்டரே பார்த்துக்கும், வருஷக் கடைசியில மூடுறோம்னார். வாய்ஸுக்கு மாறணும். பாதி ஷிப்ட் பயிற்சி, முடிவுல ஒரு தேர்வு. தேறினா போன்ல பேசலாம். தேறலைன்னா கேட்டுக்கு வெளியே. பி.காம். படிச்ச நாற்பது வயசுக்காரியை இன்னொரு ஆபீஸ்ல எவன் கூப்பிடுவான்? என் வீட்டுக்காரர் ரத்தினத்துக்கு முதுகெலும்பு ஆபரேஷன் ஆனதுலேருந்து வீட்டுல சம்பாத்தியம் என்னோடது மட்டும்தான். அதனால வாயைத் திறந்தேன்.

பயிற்சி கொடுத்தது ஆல்வின். சேலையூர்ப் பையன், முப்பது இருக்கும். இங்கிலீஷ் அவன் வாயில வெண்ணெய் மாதிரி வழியும். முதல் நாளே என்னை 'ரீஃபில்'னு சொல்லச் சொன்னான். தீர்ந்த மாத்திரையைத் திரும்ப வாங்கறதுக்குப் பேரு அது, எங்க வேலையில நாளுக்கு நூறு தடவை வர்ற வார்த்தை. சொன்னேன்.

"மேடம், முன்னாடியும் தப்பு, பின்னாடியும் தப்பு"ன்னான்.

நடுவுல இருக்கறதாவது சரியான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் மட்டும் சிரிக்கலை.

முன்னாடி இருக்கிற ர-வுக்கு நாம நாக்கு நுனியை மேலண்ணத்துல தட்டுறோமாம். இங்கிலீஷ் ர-வுக்கு நுனி எங்கேயும் படக்கூடாதாம். ஓரம் ரெண்டும் மேல் கடைவாய்ப் பல்லை ஒட்டணும், நுனி லேசா பின்னாடி மடங்கி அந்தரத்துல நிக்கணும், உதடு கொஞ்சம் குவியணும். "உங்களுக்குத்தான் ழ இருக்கே! ழ சொல்லுங்க. ஆனா நாக்கை அவ்வளவு தூரம் மடிக்காம பாதி வழியிலேயே நிறுத்துங்க. அமெரிக்கன் ர கிட்டத்தட்ட வந்துடும்"னு சந்தோஷமா சொன்னான்.

பக்கத்துல இருந்த ஸ்ம்ருதிக்கு அரைமணி நேரத்துல வந்துடுச்சு. அவ வீட்டுல எல்லாரும் ழ-வைத் தேன் தடவின மாதிரி சொல்றவங்க. எனக்கு எங்க போறது ழ-வுக்கு? எங்க வீட்டுல மளைதான் பெய்யும், வாளப்பளம்தான் பளுக்கும், கோளிதான் கூவும். ஏரிக்கரையில நெல்லு போட்டுகினு இருந்த எங்க தாத்தன் காலத்துலேருந்து அப்படித்தான். நாக்கை மடிச்சா நேரா போய் அண்ணத்துல ஒட்டிக்குது, ள ஆயிடுது.

"ழ-வே வராதா மேடம்?"னான் ஆல்வின். வேணும்னு கேட்கலை பாவம், நிஜமாவே ஆச்சரியம் அவனுக்கு. எனக்கு ஓங்கி ஒரு அறை விடலாமான்னு இருந்தது.

அடுத்தது ல். முன்னாடி வர்ற ல் பிரச்சனையில்லை, 'லைட்' நம்ம ல-தான். வார்த்தை முடிவுல வர்ற ல்-தான் உயிரை எடுத்தது. பில், கால், ஃபுல்னு நாம சுத்தமா முன்னாடியே நிறுத்திடறோம். இல்லைன்னா பில்லு, காலுன்னு ஒரு வாலை ஒட்டிடறோம். ஆப்பிள், சைக்கிள்னு வர்ற இடத்துல நாக்கை மடிச்சு ள் போட்டுடறோம். மூணுமே ஆகாதாம். நுனி பல்லுக்குப் பின்னாடி மேட்டுல தொட்டுக்கிட்டு இருக்கணும், அதே நேரத்துல நாக்கோட பின்பக்கம் தொண்டைப் பக்கமா எழும்பணும். சத்தம் இருட்டா, கனமா வரும். அதுக்குப் பேரே இருட்டு ல்.

"அந்த உ-வை ல்-லுக்குப் பின்னாடி ஒட்டாதீங்க. ல்-லுக்குள்ளேயே வையுங்க"ன்னான் ஆல்வின். சொல்லத் தெரிஞ்சவன்தான், அதுல குறையே சொல்ல முடியாது.

எங்க கூட்டத்துல முகிலன்னு ஒருத்தன், ராஜகீழ்ப்பாக்கம். ஆல்வின் ஆளுக்கொண்ணு கொடுத்திருந்த கைக்கண்ணாடியை மேசையில கவுத்து வெச்சுட்டு நல்லா தூங்குவான். ஆல்வின் எழுப்பினா, "சார், வெள்ளைக்காரன் நம்மூருக்கு வந்தா தாம்பரத்தை டாம்பரம்ன்றான். அவன் நாக்கை எவனாச்சும் மடிச்சானா?"ன்னு கேட்பான். என்னைப் பார்த்தா, "இன்னாக்கா, நாக்கை மடிச்சு பீடா போட்டுகினு கீறியா?"ன்னு கிண்டல். நான் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன். பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்து 'கேர்ள், வேர்ல்ட், ரூரல்'னு முனகிக்கிட்டே போவேன். எதிர் சீட்டு அம்மா ஒருத்தி எனக்கு ஏதோ புடிச்சிருக்குன்னு திருநீறு கொடுத்தா. வாங்கிப் பூசிக்கிட்டேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை, சட்னி அரைச்சுக்கிட்டு இருக்கும்போது வந்தது. நாக்கு எதுலயும் முட்டாம நின்னு, ழ. நானே பயந்துட்டேன். மழை, பழம், கோழின்னு மிக்சியை நிறுத்திட்டு கத்தினேன். அந்த உற்சாகத்துல உள்ளே படிச்சுக்கிட்டு இருந்த பொண்ணை "தமிழினி!"ன்னு கூப்பிட்டேன்.

பேரு வெச்சது அவங்கப்பா. பதினஞ்சு வருஷமா நான் கூப்பிட்டதெல்லாம் தமிளினிதான். ஸ்கூல் விழாவுல நான் அப்படிக் கூப்பிட்டு அவ கூட்டாளிங்க சிரிச்சு, வீட்டுக்கு வந்து ஒரு பாடு அழுதிருக்கா. "ஒரே ஒரு தடவை சரியா சொல்லும்மா"ன்னு கெஞ்சியிருக்கா. "என் நாக்கு இவ்ளோதான்டி வளையும், போடி"ன்னு நானும் விட்டுட்டேன்.

கூப்பிட்டதும் வந்து சமையக்கட்டு வாசல்ல நின்னா. மூஞ்சி மலரும்னு பார்த்தேன்.

"எவனோ அமெரிக்காக்காரன் மாத்திரை வாங்கறதுக்கு வளையுது, எனக்கு மட்டும் வளையலை இல்ல?"ன்னா. போயிட்டா. சட்னியில உப்பு போட்டேனா இல்லையான்னு ஞாபகம் இல்லை, ரெண்டு தடவை போட்டுட்டேன் போல. யாரும் சாப்பிடலை.

அதுக்கப்புறம் வெறி புடிச்ச மாதிரி ஆயிட்டேன். பெத்த பொண்ணுகிட்ட அந்தப் பேச்சு வாங்கினது வீணாப் போகக்கூடாதுன்னு ஒரு வீம்பு. ழ-வைப் பாதியில நிறுத்தி ர ஆக்கினேன். டாக்டர், நம்பர்னு வார்த்தை முடிவுலயும் அந்த ர-வை முழுங்காம நிறுத்தப் பழகினேன், அமெரிக்காக்காரன் அப்படித்தான் பேசுவான். 'கால்'ங்கற வார்த்தையில ல்-லை இருட்டாக்கினேன். வீட்டுல ரத்தினம் கூப்பிட்டா "கமிங்"னு பதில் சொன்னேன். தூக்கத்துலகூட ரீஃபில், ரின்யூவல்னு உளர்றேன்னு அந்த மனுஷன் புலம்பினார்.

தேர்வுல முதல் ஆளா வந்தது யாருன்னு நினைக்கிறீங்க? ஸ்ம்ருதி இல்லை. நான். ஆல்வினுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "மேடம், ரெக்கார்டிங்கைக் கேட்டா நீங்கன்னே சொல்ல முடியாது"ன்னான். அதைப் பெரிய பாராட்டுன்னு நினைச்சு வீட்டுக்கு இனிப்பு வாங்கிட்டுப் போனேன். முகிலன் மோசமா கோட்டை விட்டான்.

மறுவாரம் ஜெரோம் எல்லாரையும் கூப்பிட்டார். தேறினவங்க, தேறாதவங்க, ஆல்வின், எல்லாரும். ஒரு லேப்டாப்பைத் திறந்து முகிலனைப் பேசச் சொன்னார். அவன் அவனோட ராஜகீழ்ப்பாக்கம் இங்கிலீஷ்ல, "யுவர் ரீஃபில்லு வில் கம்மு டுமாரோ சார்"ன்னான். ஸ்பீக்கர்ல வந்தது வேற ஆள் குரல் மாதிரி. ர உருளலை. ல் இருட்டா, கனமா, அச்சு அசல் அமெரிக்காக்காரன். முகிலனே வாயைப் பொத்திக்கிட்டான்.

புது சாஃப்ட்வேராம். யார் எப்படிப் பேசினாலும் அந்தப் பக்கம் சரியா கேட்குமாம். அதனால உச்சரிப்புக்குன்னு தனியா ஆளு, பயிற்சி எதுவும் இனி வேண்டாம். காலேஜ் முடிச்ச பசங்களைக் கம்மி சம்பளத்துக்கு எடுத்துக்கப் போறாங்க. சீனியர்கள் எல்லாருக்கும் நன்றி, இன்னியோட கிளம்பலாம்.

"தேறினோமே சார்?"னு கேட்டேன். என் சத்தமே எனக்கு அசிங்கமா இருந்தது.

"வெரி குட் மேடம். ஆனா இப்ப அது தேவைப்படலை"ன்னார் ஜெரோம். ஆல்வின் அந்தக் கைக்கண்ணாடிகளை ஒவ்வொண்ணா பையில போட்டுக்கிட்டு இருந்தான். அவனுக்கும் அன்னிக்குத்தான் கடைசி நாள்னு அவனுக்கே அப்பத்தான் தெரிஞ்சது. கட்டையில போற கம்பெனி!

ஒரே ஒரு வழி இருந்தது. அந்த சாஃப்ட்வேருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேணுமாம். நம்ம ஊர் ஆளுங்க நம்ம ஊர் மாதிரியே இங்கிலீஷ் படிச்சு ரெக்கார்ட் பண்ணணும், ஒரு வருஷ வேலை. விரும்பறவங்க மூணாவது மாடிக்குப் போகலாம். நான் படியில ஓடினேன். லிஃப்ட்டுக்கு நிக்கக்கூட பொறுமை இல்லை.

மூணாவது மாடியில கண்ணாடி அறை. உள்ளே அபிகாயில்னு ஒரு சின்னப் பொண்ணு, காதுல ஹெட்போன். முகிலன் எனக்கு முன்னாடி போய்ப் படிச்சுட்டுச் சிரிச்சுக்கிட்டே வந்தான். அப்புறம் நான். திரையில வரி வந்தது. கால் த டாக்டர் ஃபார் எ ரீஃபில். படிச்சேன்.

"மேடம், இயல்பா படிங்க."

மறுபடி படிச்சேன். நுனி எங்கேயும் படலை. ல் தொண்டையில போய் இருட்டா உட்கார்ந்துச்சு. நானா பண்ணலை, அதுவா போகுது. பழையபடி பேசணும்னு நாக்கை அண்ணத்துல வேணும்னே தட்டினேன். ர்ர்ருன்னு ஆட்டோ ஸ்டார்ட் பண்ற மாதிரி வந்தது. பில்லு, காலுன்னு வாலை ஒட்டினேன். நாடகத்துல பபூன் பேசற மாதிரி எனக்கே கேட்டுச்சு.

"நடிக்காதீங்க மேடம். உங்க ஊர்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படிப் பேசுங்க"ன்னா அந்தப் பொண்ணு, பொறுமையாத்தான்.

"எங்க ஊர்ப் பேச்சா? அதைத்தானேம்மா இத்தனை மாசமா இதே கட்டடத்துல உட்கார வெச்சுக் கழுவி ஊத்துனீங்க!"

அவளுக்கு என்ன தெரியும், நேத்து சேர்ந்தவ. இன்னும் ரெண்டு தடவை படிக்க விட்டா. அப்புறம் ஹெட்போனைக் கழட்டினா. "சாரி மேடம். நீங்க ரொம்ப நல்லா பேசறீங்க. அதுதான் எங்களுக்கு ஆகாது."

வெளியே முகிலன் நின்னான். "அக்கா, எனக்கு ஓகே ஆயிட்ச்சு. உனக்கு?"ன்னான். என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "பேஜாரு புடிச்சவனுங்க, வுடுக்கா"ன்னான். அவனுக்கும் கைக்குழந்தை இருக்கு. சந்தோஷம்டான்னு சொன்னேன். பொய்தான். வயிறு பத்தி எரிஞ்சது.

பஸ்ல உட்கார்ந்தப்புறம் யார் மேல கோபப்படறதுன்னு யோசிச்சேன். ஜெரோம் மேலயா, அந்த ஹெட்போன் பொண்ணு மேலயா? ஆல்வின் பாவம், அவனும் ரோட்டுலதான். கடைசியில, சொன்னதைச் சொன்னபடி கேட்ட இந்த நாக்கு மேலதான் ஆத்திரம் வந்தது. கடைவாய்ப் பல்லுக்கு நடுவுல வெச்சு நல்லா ஒரு கடி கடிச்சேன். வாயெல்லாம் உப்புக் கரிச்சது.

"எங்கம்மா இறங்கணும்?"னு கண்டக்டர் பொம்பளைங்களுக்கான இலவச டிக்கெட்டை வெச்சுக்கிட்டு நின்னார். செம்பாக்கம்னு சொல்லணும். வாயைத் திறந்தா ரத்தம் வரும். கையால முன்னாடி காட்டினேன், அவர் ஊமைன்னு நினைச்சுக்கிட்டு டிக்கெட்டை மெதுவா என் மடியில வெச்சுட்டுப் போனார்.