புகாரைத் தனியாகத் தருகிறேன்

வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஆறு வருடம் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவள். ராஜினாமா கொடுத்துவிட்டாள். கடைசி நாளன்று காலை பத்து மணிக்கு எச்.ஆர். அறையில் எக்ஸிட் இன்டர்வியூ, ஏன் விலகுகிறாள் என்று கேட்கும் பேட்டி, என்று தாள் வந்திருந்தது.

அவள் போவதற்குக் காரணம் லேப் மேனேஜர். ஸ்லைடு பார்க்கும்போது பின்னால் வந்து ஒட்டி நிற்பார். நகர்ந்து உட்கார்ந்தால் அன்றைக்குப் போனில் மெசேஜ் வரும்: ‘என்ன கோபம்?’ பதில் போடாவிட்டால் இன்னும் மோசமாக ஒன்று. ஒருநாள் குளிர்சாதன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இடுப்பைப் பிடித்தார். ஏதோ எடுக்க வந்த ஸ்டோர் அக்கா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் திரும்பிப் போனாள். அது நடந்து பதினோரு வாரம் ஆகிறது.

நெஞ்சில் கிடப்பதையெல்லாம் எச்.ஆரிடம் கொட்டிவிட்டுப் போவதாகத்தான் இருந்தாள். அதற்கு முந்தின நாள் சோடாபுட்டியிடம் போனில் பேசினாள். தடிமனான கண்ணாடி போட்டவள் என்பதால் அந்தப் பெயர். போன வருடம் இதே மேனேஜரால் வேலையை விட்டவள்.

“நானும் அந்த ரூம்ல உக்காந்து ஒரு மணி நேரம் அழுதேன்டி. யார் யார் பாத்தாங்கன்னு பேர் பேரா சொன்னேன். சாயந்திரத்துக்குள்ள அந்தாளுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. நான் பேர் சொன்ன ரிசப்ஷன் பொண்ணோட ஒப்பந்தத்த அடுத்த மாசம் புதுப்பிக்கவே இல்ல.”

“நீ போய் கேக்கலையா?”

“கேட்டேன். ‘நீங்க பேச்சுவாக்குல சொன்னீங்க, புகாரா எழுதித் தரலையே’ன்னாங்க. அதுக்குள்ள புகார் தர்ற மூணு மாசக் கெடு முடிஞ்சிருச்சு.”

கம்பெனி விதிப்புத்தகத்தைச் சின்னவள் எடுத்து வைத்து வாசித்தாள். கடைசிச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார்க் குழுவிடம் எழுத்தில் தர வேண்டும். வேலையை விட்டவரும் தரலாம்.

“அப்ப எச்.ஆர்.கிட்ட ஒண்ணுமே சொல்லக் கூடாதா?”

“சொல்லு, ஆனா ரெண்டே வரி. மேனேஜர் நடத்தைதான் காரணம், புகார் தனியா தர்றேன்னு சொல்லு. தேதி, மெசேஜ், பாத்தவங்க பேரு எல்லாம் புகார்ல இருக்கட்டும். வம்பெதுக்குன்னு ‘குடும்பக் காரணம்’னு மட்டும் எழுதிறாத. நாளைக்கு அதையே தூக்கி உன் முன்னால வைப்பாங்க.”

அன்று மாலையே புகாரை எழுதினாள். தன் போனில் வந்த மெசேஜ்களைத் தேதியோடு அச்செடுத்து இணைத்தாள். தன்மேல் பழி வரக் கூடாதென்று கூடத்திலிருந்த நோயாளிகளின் தாள் எதையும் தொடவில்லை. ஸ்டோர் அக்காவைக் கூப்பிட்டு, பெயரைப் போடலாமா என்று கேட்டாள். “போடு. பாத்தத சொல்றேன்” என்றாள் அக்கா.

மறுநாள் எச்.ஆர். அம்மா தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள். “என்னம்மா, மனசுல இருக்கறத சொல்லு. இது நமக்குள்ளதான்.”

அந்தக் கனிவில் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினாள்.

“லேப் மேனேஜர் என்கிட்ட தப்பா நடந்துக்கிட்டார், அதனாலதான் போறேன் மேடம். புகாரைக் குழுகிட்ட தனியா தர்றேன். விவரம் அதுல இருக்கு.”

பேனா நின்றது. “யாராவது பாத்தாங்களா?”

“குழுவுல சொல்றேன்.”

எச்.ஆர். அம்மா ஒரு படிவத்தை நகர்த்தினாள். ‘நிறுவனத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை’ என்று கடைசியில் ஒரு வரி. சின்னவள் அதை அடித்து, ‘புகார் தருகிறேன்’ என்று எழுதித் தேதியுடன் கையெழுத்துப் போட்டாள்.

“இப்படி அடிச்சா விடுவிப்புக் கடிதம் தாமதமாகும்.”

“ஆகட்டும் மேடம். இதுல ஒரு நகல் தாங்க.”

அங்கிருந்து நேராகக் குழுத் தலைவியிடம் போனாள். புகாரைக் கொடுத்து, தன் பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் படி இறங்கினாள்.

விசாரணை இரண்டு மாதம் இழுத்தது. மேனேஜர் மெசேஜ்களை விளையாட்டு என்றார். ஸ்டோர் அக்கா வந்தாள். மேசையைப் பார்த்தபடியே, “கதவு சாத்தியிருந்துச்சு. நான் எதையும் பாக்கல” என்றாள். சின்னவளுக்குக் கோபம்கூட வரவில்லை. ரிசப்ஷன் பெண்ணுக்கு நேர்ந்தது அக்காவுக்கும் தெரியாமல் இருக்குமா?

முடிவு தபாலில் வந்தது. மெசேஜ்கள் நிரூபணமாயின, குளிர்சாதன அறையில் நடந்ததற்குச் சாட்சி இல்லை. எழுத்தில் எச்சரிக்கை, வேறு கிளைக்கு இடமாற்றம். அவ்வளவுதான். விடுவிப்புக் கடிதம் இன்னும் வரவில்லை.

வீட்டில் அவளுடைய சொந்த அக்கா முடிவுக் கடிதத்தை இருமுறை படித்தாள். “போதும்டி. விட்டுத் தொலை.”

“அந்தக் கிளையில எத்தனை பொண்ணுங்க வேலை பாக்கறாங்கக்கா?”

மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்று சின்னவள் விதிப்புத்தகத்தில் தேட ஆரம்பித்தாள்.