முதல்வருக்கு எத்தனை மார்க்?

செய்தித்தாளின் மூன்றாம் பக்கத்தில் தன் கையெழுத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்தில் ஒரு கரும்பலகை. அதில் சாக்பீஸால் அவளே எழுதிய 'முதல்வர்' என்ற சொல், அதன் கீழே பெரிதாக ஒரு '3'. படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: 'முதல்வருக்குப் பத்துக்கு மூன்று! கல்லூரி வகுப்பறையில் வாக்கெடுப்பு.'

கல்லூரியில் அவள் இதழியல் துறை விரிவுரையாளர். பதினோரு வருஷ வேலை. காபி ஆறிக்கொண்டிருக்க, அந்த ஆறு வரிச் செய்தியை நான்கு முறை படித்தாள். பொய் என்று விரல் வைக்க ஓரிடமும் இல்லை. ஆனால் நடந்தது அது இல்லை.

கைபேசி அடித்தது. கல்லூரி முதல்வர் அலுவலகம். "பதினோரு மணிக்கு நிர்வாகக் குழு. நீங்க வந்துடணும். வகுப்புக்குப் போக வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க." அவ்வளவுதான். எதிர்முனையில் வழக்கமான 'வணக்கம் மேடம்' கூட இல்லை.

அவள் உடனே தம்பியை அழைத்தாள். அந்தப் பத்திரிகையில் அவன் துணை ஆசிரியர். மூன்றாம் பக்கம் அவன் பொறுப்பு.

"டேய், அந்தத் தலைப்பு யார் வச்சது?"

"நான்தான்க்கா. ஏன், நல்லா இல்லையா?" தூக்கக் கலக்கம் அவன் குரலில் இன்னும் இருந்தது.

"அது என் வகுப்புடா. அது என் கையெழுத்து."

"ஐயோ. சத்தியமா கவனிக்கலைக்கா. பக்கம் முடிக்கிற நேரத்துல படம் வந்துச்சு. ஹாஸ்டல் பசங்க குரூப்ல சுத்துதுன்னு நிருபர் சொன்னாரு. பலகையில மூணுன்னு இருந்தது, மூணுன்னு போட்டேன். இதுல என்ன தப்பு?"

"பலகையோட வலது பக்கம் என்ன இருந்துச்சுன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. வலது பக்கத்தில் ஏழு இருந்தது.

நடந்தது இதுதான். போன வாரம் இரண்டு வகுப்புகளாக ஒரு பாடம் நடத்தினாள். மாணவர்கள் எப்போதும் குழப்பிக்கொள்ளும் இரண்டு சொற்கள்: ஃப்ரேமிங், ப்ரைமிங். வரையறையைச் சொன்னால் தேர்வோடு மறந்துவிடுவார்கள் என்று, செய்து காட்ட முடிவு செய்தாள்.

முதல் நாள் ஃப்ரேமிங். கல்லூரி நூலகம் இனி ஒன்பது மணிக்குப் பதில் ஆறு மணிக்கே மூடப்படும் என்று ஒரு கற்பனைச் செய்தி. நாற்பது மாணவர்களுக்கும் தாள்களை நன்றாகக் கலைத்துக் கொடுத்தாள். பாதித் தாள்களில் 'மாணவர்களின் படிப்பு நேரம் பறிப்பு' என்று தலைப்பு. மீதியில் 'இருட்டுவதற்கு முன் வீடு திரும்பும் நூலக ஊழியர்கள்'. உள்ளே இருந்த தகவல்கள் ஒன்றேதான். முன்னால் நிறுத்தியது எது, பின்னால் தள்ளியது எது என்பதில்தான் வித்தியாசம். 'இந்த முடிவு சரியா?' என்று கேட்டாள். முதல் தாளைப் படித்த இருபது பேரில் நான்கு பேர் சரி என்றார்கள். இரண்டாவதைப் படித்தவர்களில் பதினைந்து பேர். ஒரே விஷயம்தான்; அதை எந்தப் பக்கமிருந்து காட்டினார்களோ அந்தப் பக்கமே அதன் முகமாகிவிட்டது.

மறுநாள் ப்ரைமிங். வெள்ளைத் தாளில் ஹாஸ்டல் தண்ணீர்ப் பிரச்சினை பற்றி மூன்று குட்டிச் செய்திகள். மஞ்சள் தாளில் கல்லூரி விளையாட்டு அணிகள் வாங்கிய பதக்கங்கள் பற்றி மூன்று. ஜோடனை எதுவும் இல்லை, இரண்டிலும் முதல்வரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. படித்து முடித்ததும் எல்லோருக்கும் ஒரே கேள்வி: நம் முதல்வருக்குப் பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள்? வெள்ளைத் தாளின் சராசரி மூன்று. மஞ்சள் தாளின் சராசரி ஏழு. அவள் பலகையில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக எழுதிப்போட்டாள்.

"பார்த்தீங்களா? அவரைப் பத்தி நான் உங்ககிட்ட எதுவுமே சொல்லலை. நீங்க அவரை எடை போடுற கல்லை மட்டும் மாத்திக் கொடுத்தேன்" என்று சொன்னது அவளுக்கு இப்போதும் நினைவிருந்தது. அப்போது வகுப்பே சிரித்தது.

பதினோரு மணிக்கு அவள் அந்த வெள்ளை, மஞ்சள் தாள்கள் நாற்பதையும் ஒரு கோப்பில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்ட அறைக்குள் போனாள். நீள மேசையின் அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் குழுத் தலைவர். கல்லூரியைக் கட்டிய குடும்பத்தின் மூத்தவர். அவருக்கு வலப்புறம் முதல்வர், ஜன்னலைப் பார்த்தபடி. இடப்புறம் குறிப்பெடுக்க அலுவலகக் கண்காணிப்பாளர். செய்தித்தாள் மேசையில் விரித்துக் கிடந்தது. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"என்னம்மா, பாடம் நடத்தச் சொன்னா தேர்தல் நடத்துறீங்களா?" என்றார் தலைவர்.

அவள் தாள்களைப் பரப்பினாள். வெள்ளை, மஞ்சள், கலைத்துக் கொடுத்தது, இரண்டு சராசரி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தலைவர் ஒரு தாளையும் தொடவில்லை.

"இதெல்லாம் இருக்கட்டும். யார் அந்தப் படத்தை எடுத்தது? பேரைச் சொல்லிட்டா உங்க மேல நடவடிக்கை இல்லை. சொல்லலைன்னா இன்னிக்கே சஸ்பென்ஷன்."

யார் என்று அவளுக்குத் தெரியும். படம் எடுக்கப்பட்ட கோணம் ஒன்றே போதும்: கடைசி வரிசை, சுவரோரம், வெள்ளைத் தாள் கிடைத்த ஹாஸ்டல் பெண். வகுப்பில் வாயாடி என்று பெயர் எடுத்தவள்.

"எனக்குத் தெரியும் சார். ஆனா சொல்ல மாட்டேன்."

கண்காணிப்பாளரின் பேனா நின்றுவிட்டது. தலைவரின் முகம் சிவந்தது. "ஆசிரியர்கள் எல்லாம் வகுப்புல அரசியல் பண்றீங்க. தினமும் பேப்பர்ல பாக்குறேனே!"

அந்தக் கணத்தில் அவளுக்குப் பயம் போய் வேறொன்று வந்தது. "எத்தனை நாளா பாக்குறீங்க சார்?"

"மூணு வாரமா. பக்கத்து ஊர் காலேஜ்ல ஆசிரியர்கள் நிர்வாகத்தை எதிர்த்துப் பண்ற கூத்து முதல் பக்கத்துலேயே வருது."

"இரண்டு மாசத்துக்கு முன்னாடி இதே அறையில எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தீங்க. அப்போ என் வகுப்போட தேர்ச்சியை வச்சு என்னை எடை போட்டீங்க. அதுக்கப்புறம் நான் மாறலை. மூணு வாரமா நீங்க படிச்ச செய்தி எதுலயும் என் பேர் இல்லை. ஆனா இன்னிக்கு என்னைப் பார்த்ததும் உங்களுக்குத் தோணுற முதல் கேள்வி, இவ அடங்கிப் போறவளா இல்லையாங்கிறதுதான். ப்ரைமிங்னு நான் சொன்னது இதைத்தான் சார்."

"எனக்கே பாடமா?" தலைவர் மேசையைத் தட்டினார். தண்ணீர் பாட்டில் ஒன்று சாய்ந்து உருண்டது. வேலை போனது என்றே அவள் முடிவு கட்டிவிட்டாள். மகள் பள்ளியில் படிக்கிறாள், கணவருக்கு இடமாற்றம் வந்திருக்கிறது, எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து போனது.

அப்போதுதான் முதல்வர் ஜன்னலிலிருந்து திரும்பினார். கையை நீட்டி ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு ஒரு மஞ்சள் தாள்.

"அப்போ பேப்பர்ல வந்தது என்ன?" என்று கேட்டார். "அதுவும் ப்ரைமிங்கா?"

"இல்ல சார், அது ஃப்ரேமிங். ஒரு பாடத்துல நடந்த சோதனை. அதை 'வாக்கெடுப்பு'ன்னு ஒரு சொல்லுக்குள்ள வச்சாங்க, அந்த ஏழு மார்க்கை வெளியே விட்டுட்டாங்க. நடந்த அந்தச் சம்பவமே வேறயா தெரிய ஆரம்பிச்சது. ப்ரைமிங்ல சம்பவத்தை நேராவே சொல்லலாம். ஆனா அது மனசுல மேலா நிக்கிறதால, அப்புறமா வேற ஒருத்தரை மதிப்பிடும்போது அதையே அளவுகோலா எடுத்துக்கிறோம்."

முதல்வர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார். "சரி, மூணு, ஏழு. இதுல என் உண்மையான மார்க் எது?"

அவள் யோசித்தாள். ஆறுதலாக எதையாவது சொல்லி வைத்தால் தப்பித்துவிடலாம். "ரெண்டும் உண்மைதான் சார். ஹாஸ்டல்ல ஒன்பது நாளா மேல் மாடிக்குத் தண்ணி ஏறலை. அதை நான் ஜோடிக்கலை. பதக்கமும் நிஜம். பசங்க எதை நினைச்சுக்கிட்டு உங்களைப் பாக்குறாங்களோ, அதைப் பொறுத்தது."

"ஒன்பது நாளா?" முதல்வர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். "நாலு நாள்னுதானே என்கிட்ட சொன்னீங்க?"

கண்காணிப்பாளர் குறிப்பேட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

தலைவர் விடுவதாக இல்லை. சஸ்பென்ஷன் என்றே அரை மணி நேரம் பிடிவாதம் பிடித்தார். முதல்வர் கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "மார்க் வாங்கினது நான். எனக்கே கோபம் இல்லைன்னா குழுவுக்கு எதுக்கு?" எழுத்து மூலம் ஒரு எச்சரிக்கையோடு முடிந்தது. இனி முன் அனுமதி இல்லாமல் கல்லூரி ஆட்களை வைத்துச் சோதனை கூடாது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே படிக்கட்டில் அந்த வாயாடிப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. "மேடம், நானே உள்ள வந்து சொல்லிடறேன்."

"வேண்டாம். முடிஞ்சு போச்சு." கோபம் இப்போதுதான் பொங்கியது. "படத்துல அந்த ஏழு மார்க்கை ஏன் வெட்டின? பாடத்தை நடத்தினவ நான். என் கழுத்துக்குக் கத்தி வரும்னு தெரியாதா?"

"முழுசா போட்டிருந்தா யாரு மேடம் திரும்பிப் பாத்திருப்பாங்க? குடிக்கிற தண்ணிக்குக் கீழ இருந்து வாளி தூக்குறோம். எத்தனை தடவை எழுதிக் கொடுத்தோம்."

பத்திரிகைக்காரி ஆகப் போகிறவள் கேட்கும் கேள்வி. தப்பு என்று அடித்துச் சொல்ல வாய் வரை வந்தது. ஒன்பது நாள் வாளியும் கண்முன் வந்தது.

"தண்ணி இல்லைங்கிறது உண்மை. அதை எழுது, படம் எடு, நானே என் பேர் போட்டு அனுப்பி வைக்கிறேன்" என்றாள் கடைசியில். "ஆனா உன் உண்மையைத் தூக்கி நிறுத்த இன்னொரு உண்மையை வெட்டாதே. அப்புறம் நீ சொல்ற தண்ணியையும் யாரும் நம்ப மாட்டாங்க."

பெண் தலையாட்டினாள். ஒப்புக்கொண்டாளா என்பது தெரியவில்லை.

சாயங்காலம் தம்பி வந்தான். திருத்தம் நாளைக்கு வரும், பத்திரிகை ஆசிரியரிடம் சண்டை போட்டு வாங்கியிருப்பதாகச் சொன்னான். எங்கே என்று கேட்டாள். ஒன்பதாம் பக்கம், கீழே, நான்கு வரி. சொல்லும்போதே அவன் முகம் சுண்டிப் போனது.

"மூணாம் பக்கத்துல பார்த்தவங்க அதைப் பார்ப்பாங்களாடா?"

"மாட்டாங்கக்கா."

அவன் உட்கார்ந்தான். பிறகு ஹாஸ்டல் தண்ணீர் விஷயம் நிஜமா என்று கேட்டான். நிஜம் என்றாள். மறுநாள் காலை அவனே நோட்டுப் புத்தகத்தோடு ஹாஸ்டல் மாடிப்படிகளில் ஏறினான். பிளம்பர்கள் அவனுக்கு முன்பே வந்து, மோட்டாரைக் கழற்றிப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.