வீரய்யா போனில் இருந்த நம்பர்கள்

மலையகத்து அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கொமினிகேஷன் கடையில் பிரேமினி வேலை பார்த்தாள். போட்டோ கொப்பி, தந்தி மணியோடர் படிவம் நிரப்புவது, போனுக்குக் காசு ரீலோட் போடுவது, இவற்றோடு இங்கிலீஷ் கடிதத்தைத் தமிழில் சொல்வதும் அவள் வேலைதான். அதனால்தான் கோபிசங்கர் அவளைத் தேடி வந்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கொழும்பில் ஒரு கம்பெனியில் வேலை. தேயிலைத் தோட்டத்துப் பொடியன்களுக்குப் போனிலேயே வேலைவாய்ப்புச் செய்தி வரும்படி அந்தக் கம்பெனி ஒரு மென்பொருள் செய்திருந்தது. விலை குறைந்த ஜாவா போன் எதிலும் அது ஓடும்.

அவன் மேசையில் ஒரு தாளை வைத்தான். "இது நிபந்தனை. சட்டப் பிரிவு எழுதினது. சனத்துக்கு விளங்கேல்லையெண்டு காசு தாற ஆக்கள் சொல்லினம். சாதாரண வசனத்திலை எழுதித் தருவியளோ?"

பிரேமினி படித்தாள். 'இச்சேவையைத் தொடர்ந்து பயன்படுத்தும் பயனர், தமது சாதனத்தில் உள்ள தொடர்பு விபரங்கள் உள்ளிட்ட தகவல்களை நிறுவனமும் அதன் பங்காளர்களும், சட்டத்தால் கோரப்படுமிடத்து உரிய அதிகாரிகளும், சேவை மேம்பாடு உள்ளிட்ட நோக்கங்களுக்காகப் பயன்படுத்தச் சம்மதித்தவராகக் கருதப்படுவார்.'

"தொடர்பு விபரம்னா என்ன சார்?"

"போனிலை சேமிச்சு வைச்சிருக்கிற பேரும் நம்பரும்."

"யாரோட பேரு? போன்காரரோடதா?"

"எல்லாற்றையும்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். அவள் புருஷன் யோகநாதன் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கி வேலை செய்தவன். புலிச் சந்தேகத்தில் பிடிபட்ட யாரோ ஒருவனுடைய போனில் அவன் நம்பர் இருந்ததாம். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லிப் பொலிஸார் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தது பெட்டிதான். அந்த யாரோ ஒருவன் யாரென்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. இப்போது அவள் தம்பி கஜேந்திரன் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். சோதனைச் சாவடியைக் கடக்காமல் அவனுக்கு ஒரு நாளும் விடிவதில்லை.

"பங்காளர்னா யாரு? அதிகாரின்னா யாரு?"

"வேலைக்கு ஆள் எடுக்கிற கம்பெனியள், விளம்பரக் கம்பெனியள். அதிகாரியெண்டால், பொலிஸ் கிலிஸ் கடிதத்தோடை வந்தால் குடுக்கத்தானே வேணும். நீங்கள் ஏன் இப்பிடிச் சந்தேகப்படுறியள்? எனக்கும் தமிழன் எண்டு கொழும்புப் பொலிசிலை பதிஞ்ச துண்டு இருக்கு. எனக்கு மட்டும் பயமில்லையோ?"

அவன் சிரித்துவிட்டுச் சொன்னான்: "எழுதி முடிச்சால் ஆக்களுக்கு வாசிச்சுக் காட்ட வேணும். உங்கட தோட்டத்திலையும் ஒருத்தற்றை போனிலை பரீட்சைக்குப் போட்டிருக்கு. வீரய்யா எண்டு ஒருத்தர்."

பிரேமினி தாளை மறுபடி முதலிலிருந்து படித்தாள். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஒரே போன் வீரய்யாவுடையது. பேருக்குத்தான் அது அவருடைய போன். லயத்துக்காரர் அத்தனை பேரின் பிள்ளைகள் நம்பரும் அதில்தான் இருந்தது. அவள் அம்மா பேச்சியம்மா பேசுவதற்காகக் கஜேந்திரன் நம்பரும்.

ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் எல்லாரும் கூடினார்கள். கோபிசங்கருக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். பிரேமினி, அழித்தால் என்ன ஆகும் என்பதுவரை அவனிடம் கேட்டு எழுதியதை வாசித்தாள்.

"'நீங்கள் இதைத் திறந்ததும் உங்கள் போனில் இருக்கும் எல்லாப் பெயர்களையும் நம்பர்களையும் நாங்கள் எடுத்துக்கொள்வோம். அவற்றில் உங்கள் வீட்டார், பக்கத்து வீட்டார் நம்பர்களும் இருக்கும். எடுக்கலாமா என்று அவர்களிடம் நாங்கள் கேட்கமாட்டோம். ஆள் எடுக்கும் கம்பெனிகளுக்கும் விளம்பரக் கம்பெனிகளுக்கும் அவற்றைக் கொடுப்போம். பொலிஸ் சட்டப்படி கேட்டால் அவர்களுக்கும் கொடுப்போம். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், அதற்குப் பிறகு எடுக்கமாட்டோம். போனிலிருந்து இதை அழித்தாலும், முன்பே எடுத்தது எங்களிடம் இருக்கும். மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டதைத் திரும்ப வாங்க எங்களால் முடியாது.'"

பக்கத்து வீட்டு ராசம்மா ஆரம்பித்தாள்.

"என்ன வீரய்யாண்ணே, ஏ மக நம்பர ஊருக்கெல்லாம் வித்துப்புட்டீங்களா?"

"நானா வித்தேன்? பஜார்ல ஒரு தம்பி சும்மா போட்டுக் குடுத்துச்சு. போனு என்னமோ கேட்டுச்சு, ஓகேய அமத்துனேன். எது கேட்டாலும் ஓகேதானே அமத்துறோம்?"

"தோட்டத்துக் கண்டாக்கு கேட்டாலும் ஓகே, கங்காணி கேட்டாலும் ஓகே. ஒங்க வாயிக்கு வேற வார்த்தையே வராதே" என்றார் அழகன். சிரிப்பு எழுந்து, எழுந்த வேகத்தில் அடங்கியது.

பேச்சியம்மா சிரிக்கவில்லை. "தம்பி, ஏ மவன் நம்பரும் போயிருச்சா?" என்று கோபிசங்கரைக் கேட்டாள்.

அவன் பொய் சொல்லவில்லை. "ஓம் அம்மா. முதல் தரம் திறந்த உடனை போயிருக்கும். எங்களிட்டை இருக்கிறதை அழிக்கச் சொல்லிப் பாக்கிறன். ஆனால் போன கிழமை ஒரு பட்டியல் கம்பெனியளுக்குக் குடுத்தாச்சு."

"யாரு யாருக்குன்னு தெரியுமா?"

"எனக்குத் தெரியாது அம்மா."

வீரய்யா போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி பையில் போட மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது போலிருந்தது.

பஸ்ஸுக்கு இறங்கும் வழியில் கோபிசங்கர் தாளைக் காட்டி, "அவையிட்டைக் கேக்கமாட்டம் எண்டதையும், கடைசி வசனத்தையும் எடுத்துவிடுவமே?" என்றான்.

"ஏன் சார், பொய்யா?"

"பொய்யில்லை. ஆனா இதை வாசிச்சால் ஒருத்தரும் ஓகே அமத்தமாட்டினம்."

"அப்ப வெளங்கிருச்சுன்னு அர்த்தம். நீங்க வெளங்கணும்னுதானே கேட்டீங்க?"

அவன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். அதை அப்படியே கொழும்பில் கொடுத்தானா, வரிகளை வெட்டினானா என்று பிரேமினியால் ஊகிக்க முடியவில்லை. ஒரு வரியும் குறையாத கொப்பி ஒன்றை அவள் முதலிலேயே எடுத்து வைத்திருந்தாள். திங்கட்கிழமை அதைக் கடைக் கண்ணாடியில் ஒட்டினாள்.

அன்றைக்கே கடையிலிருந்து தம்பிக்குக் கோல் எடுத்தாள். புது சிம் வாங்கு, பழையதை உடைத்துப் போடு என்றாள். அவன் வாங்கிவிட்டுக் கடைக்குத் திரும்ப எடுத்தான். "வீரய்யா மாமாகிட்ட நம்பரச் சொல்லவாக்கா? அம்மாவுக்குப் பேசணுமே" என்றான்.

"வேணாம். அவருக்கு மட்டும் சொல்லாத."

சொன்ன பிறகுதான் உறைத்தது. யோகநாதனின் பெட்டிக்குத் தோள் கொடுத்த முதல் ஆள் வீரய்யா.

சாயந்தரம் பேச்சியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். நம்பரைப் போனில் சேமித்து வைத்தால்தான் அந்த மென்பொருள் எடுக்கும். சேமிக்காமல் ஒவ்வொரு முறையும் இலக்கங்களை அமத்திப் பேசினால் எடுக்காதென்று கோபிசங்கர் சொல்லியிருந்தான். தம்பியின் புது நம்பரை எழுதித் தரட்டுமா என்று கேட்டாள்.

"எழுத்தும் வேணாம், போனும் வேணாம். ஏ வாயில போடு" என்றாள் பேச்சியம்மா.

அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணினாள். நடுவில் பிசகினால் மறுபடி முதலிலிருந்து. கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போதும் அவள் உதடு அசைந்துகொண்டிருந்ததை மற்றவர்கள் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை, அவரவர் பிள்ளைகள் நம்பர் அவரவருக்கு.

வெள்ளிக்கிழமை அவள் வீரய்யா வீட்டுக்குப் போய்ப் போனைக் கேட்டாள். அவர் அந்த மென்பொருளை அழித்துவிட்டதாகச் சொன்னார். "நல்லா பாருங்க, இல்ல" என்று திரையைக் காட்டினார். பேச்சியம்மாவுக்கு இலக்கம் தெரியுமே தவிர வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் பார்த்தாள்.

"நானே போட்டுத் தரவா?" என்று வழக்கம்போல் கேட்டவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். போனை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போனார். வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பேச்சியம்மா கதவை ஒருச்சாய்த்துச் சாத்திவிட்டு, அதன் பிறகே முதல் இலக்கத்தை அமத்தினாள்.