ஆறு இலக்கமும் சரி

காலைத் தேநீர் ஆறுவதற்குள் குணசேகரம் பணக்காரராகிவிட்டார்.

மட்டக்களப்பில் மூன்று கிழமை நின்றுவிட்டு அவர் சுவிஸின் துன் நகருக்குத் திரும்பி நான்கு நாள். கொண்டுவந்த உடுப்புகளை மெஷினில் போடுமுன் சட்டைப்பைகளைத் துழாவிப் பார்த்த சிவகலாவின் கையில் ஒரு லொத்தர் சீட்டு அகப்பட்டது. புறப்படும் நாளன்று பேருந்து நிலையத்தடியில் லக்ஷ்மணன் என்ற முகவர் விடாப்பிடியாக விற்ற சீட்டு. அன்றைக்கே சீட்டிழுப்பும் முடிந்திருந்தது. வாங்கியவருக்கு அந்த நினைவே இல்லை.

சீட்டில் G என்ற எழுத்தும் 503817 என்ற இலக்கமும் இருந்தன. குணசேகரம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொலைபேசியில் லொத்தர் சபையின் பக்கத்தைத் தேடிப் பிடித்து, அன்றைய முடிவை ஒரு கடுதாசியில் எழுதினார். எழுத்து G. இலக்கம் 380517.

இருபது வருடமாகப் புதனும் சனியும் தவறாமல் சுவிஸ் லொத்தோ போடுகிற மனிதர் அவர். அதில் நாற்பத்திரண்டு எண்களில் ஆறைத் தெரிந்து குறிக்க வேண்டும். விழுந்த ஆறும் உங்கள் தாளில் இருந்தால் போதும், எது முதலில் விழுந்தது எது பின்னால் விழுந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. மேலதிகமாகக் குளுக்ஸ்சால் என்று ஒரு அதிர்ஷ்ட எண் உண்டு. அந்தப் பழக்கத்திலேயே பேனையை எடுத்தார். மூன்று இருக்கிறதா, இருக்கிறது. எட்டு இருக்கிறது. பூச்சியம், ஐந்து, ஒன்று, ஏழு. ஒவ்வொன்றாகச் சரி போட்டார். எழுத்தைக் குளுக்ஸ்சால் கணக்கில் சேர்த்து அதற்கும் ஒரு சரி போட்டார். பிறகு பேனையை மேசையில் வைத்துவிட்டு மனைவியைப் பார்த்த பார்வையில், கலியாணத்தன்று கூட அவ்வளவு மரியாதை இருந்ததில்லை.

சூப்பர் பரிசு மூன்று கோடி ரூபாய். பிராங்கில் எண்பதாயிரத்துக்குக் கிட்டத்தட்ட வரும். சிவகலா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் இரண்டு சுற்றுச் சுற்றினாள். பொய் சொல்வானேன், அவளும் முழுதாக நம்பினாள். வீட்டுக்கு ஒரு நல்ல சோபா வாங்கும் யோசனை கூட அவளுக்கு வந்துவிட்டது.

அவருக்கு வந்த யோசனைதான் வேறு. படுக்கையறை லாச்சியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து வந்தார். வேலையை விடும் கடிதம். எழுதி இரண்டு வருடமாகிறது, திகதி மட்டும் போடாமல் கிடந்தது. ஏரிக்கரை ஹோட்டலின் சமையலறையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறார். காலை பத்திலிருந்து இரண்டரை வரை ஒரு துண்டு வேலை, மாலை ஐந்தரையிலிருந்து பத்தரை வரை இன்னொரு துண்டு. நடுவில் இருக்கும் ஓய்வுக்குச் சிமர்ஸ்டுண்ட என்று பெயர். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அது முடிந்துவிடும். ஒரே நேர வேலை தரும்படி செஃப்பிடம் மூன்று தரம் கேட்டார். கேட்டார் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். கையைப் பிசைந்துகொண்டு நின்றார், செஃப் பார்க்கலாம் என்றார், இவர் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

இன்று மாதக் கடைசி. இன்று கொடுத்தால்தான் வேலையை விடுவதற்கான அறிவித்தல் காலம் அடுத்த மாதத்திலிருந்து எண்ணப்படும். குணசேகரம் திகதியைப் போட்டார். சீட்டைப் பாஸ்போட்டுகள் இருக்கும் உறைக்குள் பத்திரப்படுத்தினார். நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஒன்பது மணி பஸ்ஸுக்கு இறங்கிப் போனார்.

சிவகலாவுக்கு அன்று விடுமுறை. தங்கைக்கு அனுப்பலாமென்று சீட்டை எடுத்து, முடிவு எழுதிய கடுதாசிக்குப் பக்கத்தில் வைத்துப் படம் பிடிக்கப் போனாள். அவள் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளர். அங்கே குளிசைத் தட்டு கொடுக்கும்போது, தட்டிலுள்ள எண்ணையும் ஆளின் கைப்பட்டியிலுள்ள எண்ணையும் விரல் வைத்து இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் ஒருவரின் இரத்த அழுத்தக் குளிசை இன்னொருவர் வயிற்றுக்குள் போய்விடும். பழகிய விரல் தானாகவே சீட்டில் போய் நின்றது. இங்கே ஐந்து, அங்கே மூன்று. இங்கே பூச்சியம், அங்கே எட்டு.

சீட்டைத் திருப்பினாள். பின்பக்கத்தில் லக்ஷ்மணனின் றப்பர் முத்திரையும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. அங்கே நேரம் பகல் ஒன்றுக்குக் கிட்ட. அந்த இலக்கத்துக்கு அழைத்தாள், இரண்டாவது மணி அடிக்கும்போதே லக்ஷ்மணன் எடுத்தார்.

வெளிநாட்டிலிருந்து வந்து சீட்டு வாங்கிப் போகிறவர்களின் அழைப்பு அவருக்குப் புதிதல்ல என்று குரலிலேயே தெரிந்தது. சீட்டைக் கடைசி இலக்கத்திலிருந்து வாசிக்கச் சொன்னார். ஏழு என்றாள். சரி என்றார். அதற்கு முந்தியது ஒன்று. அதுவும் சரி. அதற்கு முந்தியது எட்டு என்றாள்.

"அங்க ஐந்து வந்திருக்கு. அதோட நிப்பாட்டுங்கோ அக்கா. கடைசியிலயிருந்து எண்ணிக்கொண்டு வரேக்க எங்க பிழைக்குதோ அங்க கணக்கு முடிஞ்சுது. அதுக்கு அங்கால ஒத்துவந்தாலும் சேராது."

இந்த லொத்தரில் முன்பக்கத்திலிருந்து எண்ணுவதற்கும் பரிசு உண்டு, ஆனால் முதல் இலக்கமே பிழைத்துவிட்டதால் அந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்றார். சூப்பர் பரிசுக்கு எழுத்தும் சரிவர வேண்டும், ஆறு இலக்கமும் அந்தந்த இடத்தில் நிற்கவும் வேண்டும். உங்களுக்குக் கடைசி இரண்டு இலக்கத்துக்கு உரிய பரிசு இருக்கிறது, நூறு சீட்டில் ஒன்றுக்கு அது விழும், ஒரு தேத்தண்ணியும் வடையும் வாங்கலாம் என்று சந்தோசமாகவே சொன்னார்.

ஆறும் இருக்கிறதே என்று சிவகலா இழுத்தாள். அந்த மனிதர் அலுத்துக்கொள்ளவில்லை. ஒரு எழுத்துக்கு ஆறு பூச்சியத்திலிருந்து ஆறு ஒன்பது வரை பத்து இலட்சம் இலக்கம். இருபத்தாறு எழுத்துக்கு இரண்டு கோடி அறுபது இலட்சம். அதில் ஒன்றே ஒன்றுக்குத்தான் சூப்பர். உங்களுடைய ஆறு இலக்கத்தையும் மாற்றி மாற்றி அடுக்கினால் எழுநூற்றிருபது விதம் வரும், அவ்வளவு பேருக்கும் மூன்று கோடி கொடுத்தால் சபை திறைசேரியைத்தான் விற்க வேண்டும் என்றார். சிரிப்பு வராத நேரத்திலும் சிவகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தொலைபேசியை வைத்ததும் சிரிப்பும் நின்றது. ஐம்பத்தொன்பது வயது மனிதர். தானாக வேலையை விட்டால் வேலையில்லாதோர் காசையும் சில மாதத்துக்கு நிறுத்திவைப்பார்கள். இந்த வயதில் வேறு எந்தச் சமையலறை கதவு திறக்கப்போகிறது? கணவருக்கு அழைப்பெடுத்தாள். எடுக்கவில்லை. சமையலறைக்குள் போகுமுன் தொலைபேசியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது செஃப்பின் சட்டம். சீட்டையும் கடுதாசியையும் எடுத்துக்கொண்டு வீட்டுச் செருப்போடேயே படியிறங்கி ஓடினாள்.

பஸ்ஸில் இருந்த பத்து நிமிடமும் கும்பிடாத தெய்வமில்லை. சாமான் இறக்கும் பின்வாசலுக்கு வந்தபோது கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே உருளைக்கிழங்குப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் செஃப் நின்றார், அவர் கையில் கடிதம் விரித்தபடி இருந்தது. பிந்திவிட்டேன் என்று நினைத்தாள்.

அப்போதுதான் கணவரின் குரலைக் கேட்டாள். ஜெர்மன் வழக்கம் போலத் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. ஆனால் தடுமாறியது மொழி மட்டுமே. பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் பிந்தி வரவில்லை என்றார். தான் பழக்கிவிட்ட பெடியங்களுக்கு ஒரே நேர வேலை, தனக்கு மட்டும் துண்டு துண்டாக வேலை, இது நியாயமில்லை என்றார். கையைப் பிசையவில்லை. இரண்டு கையும் அவர் பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. முப்பது வருடம் கூட வாழ்ந்தவள், இப்படி ஒரு குணசேகரத்தை இன்றைக்குத்தான் கண்டாள்.

உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம். சிவகலா கதவுப் பிடியில் கை வைத்தாள். வைத்த கையை மெல்ல எடுத்தாள். கடிதம் கொடுத்தாகிவிட்டது. இனி அந்த மனிதர் கதைத்து முடிக்கட்டும் என்று சுவரோரமாக நின்றாள்.

செஃப் கடிதத்தை இன்னொரு தரம் வாசித்தார். பிறகு, இந்தக் கோடையில் மட்டும் மூன்று பேர் போய்விட்டார்கள், நீங்களும் போனால் நான் சமையலறையைப் பூட்ட வேண்டியதுதான் என்றார். ஒக்டோபரிலிருந்து காலை ஆறு முதல் மூன்று வரை, ஒரே நேரம், எழுதித் தருகிறேன், இதைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடிதத்தை நீட்டினார்.

மூன்று கோடிக்காரர் அதை வாங்குவாரா?

குணசேகரம் கொஞ்சம் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை மாதத்தில் இரண்டு விடுமுறையாக வேண்டும் என்றார். செஃப் தலையாட்டினார். இவர் கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

வெளியே வந்தவர் மனைவியைக் கண்டு திகைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. வேலையை விடவில்லை, கேட்டதைத் தந்துவிட்டான், மூன்று கோடியையும் வைத்துக்கொண்டு வேலையும் செய்யலாம் என்று மூச்சு விடாமல் சொன்னார். சிவகலா அவர் முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு சீட்டைக் கையில் கொடுத்து, கடைசியிலிருந்து எண்ணச் சொன்னாள். ஏழு, ஒன்று, எட்டு. லக்ஷ்மணன் சொன்ன கணக்கு முழுவதையும் சொன்னாள்.

குணசேகரம் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெறும் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். உள்ளே தான் பேசிய பேச்சு ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, கையைப் பிசையத் தொடங்கினார்.

"ஆறு இலக்கமும் சரியெண்ட துணிவிலயெல்லோ அப்பிடிக் கதைச்சனான். இல்லாட்டி வாய் திறந்திருப்பனே?"

சிவகலா அவர் முன்னால் குந்தி, பிசைந்த கைகளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

"இஞ்சேருங்கோ, அந்தாள் உங்கட சீட்டைப் பாத்தே ஓமெண்டவர்? அதைப்பற்றி அவருக்கு ஒண்டும் தெரியாது. உங்களைப் பாத்துத்தான் ஓமெண்டவர்."

உள்ளேயிருந்து செஃப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குணசேகரம் எழுந்து சட்டையை இழுத்து நேராக்கி, வாறன் என்று உள்ளே குரல் கொடுத்தார், தமிழிலேயே.