பதினோராவது எழுத்து

பார்த்த மாத்திரத்தில் பிழையைக் கண்டுபிடிக்கும் கண் உலகத்தில் சிலருக்கே வாய்க்கும். எனக்கு இரண்டு வாய்த்திருக்கின்றன.

ஆனாலும் ஆய்வகக் கதவு என் கார்டுக்குத் திறக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் தேர்வாளர் வந்துவிடுவார். கார்டைக் காட்டினால் திறக்கும் இந்தப் பூட்டுதான் எங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட்; திறக்காவிட்டால் அவ்வளவுதான். கார்டைப் படிக்கும் ரீடர் கம்ப்யூட்டருக்கு அனுப்பிய எண்ணும், புரோகிராமில் நான் தட்டச்சு செய்து வைத்த எண்ணும் திரையில் அச்சு அசலாக ஒன்றாகவே தெரிந்தன.

"ரெண்டுலயும் எத்தனை எழுத்துன்னு எண்ணிப் பார்க்கலாம்டா," என்றான் என் கூட்டாளி. அவனை வகுப்பே 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடும்.

"எல்கேஜிக்குத் திரும்பப் போறியா? பை, வாட்டர் பாட்டில் எல்லாம் எடுத்துட்டியா?"

நான் விடுவதாக இல்லை. ஒயர்களை மாற்றினேன், ரீடரையே மாற்றினேன். கதவு மதிக்கவில்லை.

சந்தேகம் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், இரண்டின் நீளத்தையும் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். நான் வைத்திருந்தது பத்து எழுத்து, ரீடரிடமிருந்து வந்தது பதினொன்று. வரி முடிவுக்காக ரீடர் அனுப்பும், கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று வாலில் ஒட்டியிருந்தது. அதை வெட்டிவிட்டு ஒப்பிட்டதும் பூட்டு திறந்தது.

"எப்படிடா?" என்றான் வந்தவன்.

"பார்த்தேன், தெரிஞ்சுது."

பிறகு தேர்வாளர் வந்ததும் அவருடைய கார்டு எண்ணையும் புரோகிராமில் சேர்த்தேன். மேசைக்கு அடியில், யாருக்கும் தெரியாமல் விரல் விட்டு, அதன் எழுத்துகளைப் பத்து வரை எண்ணினேன்.